உடனே வரும் ரீஃபண்ட் எங்கே போய்ச் சேருகிறது?

இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது, காரணத்தையும் ஆள் வந்து எடுத்துச் செல்லும் நாளையும் கேட்ட பிறகு, பணத்தை எப்படித் தரட்டும் என்று ஒரு திரை வரும். அந்தத் தளத்தின் வாலட் பெரும்பாலும் மேலே இருக்கும், பக்கத்தில் ‘உடனடி’ என்று எழுதியிருக்கும். பணம் கட்டிய அதே கார்டு அல்லது வங்கிக் கணக்கு அதற்குக் கீழே, ‘5 முதல் 7 வேலை நாள்’ என்ற குறிப்புடன் இருக்கும். ஒரு வாரம் யார் காத்திருப்பது என்று பலரும் மேலே இருப்பதைத் தொட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வி கேட்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இணையக் கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் விதி, ரீஃபண்ட் எந்த வழியில் பணம் வந்ததோ அந்த வழியிலேயே போக வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் குறிப்பாக ஒப்புக்கொண்டால் மட்டுமே வேறு வழி. ஆக, வாலட் என்ற பொத்தானை நீங்கள் தொடுவதுதான் அந்த ஒப்புதல். அதற்குப் பிறகு கடையிடமோ வங்கியிடமோ முறையிட்டால், நீங்களே சம்மதித்ததாகப் பதிவு காட்டுவார்கள்.

கிரெடிட் கார்டில் வாங்கியவர்தான் இதில் அதிகம் இழக்கிறார். அவர் விஷயத்தில் அந்தக் காத்திருப்பால் பெரும்பாலும் எந்த நஷ்டமும் இல்லை என்பதுதான் ஆதங்கம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 5ஆம் தேதி 4,700 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி வாங்குகிறார். அவருடைய கார்டு பில் 20ஆம் தேதி தயாராகும், கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 9. மிக்ஸியில் ஜார் சரியாகப் பொருந்தவில்லை. 12ஆம் தேதி அதைத் திருப்பி அனுப்புகிறார். பணம் கார்டுக்கே திரும்பட்டும் என்று விட்டிருந்தால், 19ஆம் தேதிவாக்கில் 4,700 வரவு வந்து, அதே பில்லில் செலவும் வரவும் கழிந்துவிடும். அந்த ஏழு நாளும் அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது, ஏனென்றால் அவர் இன்னும் எதையும் கட்டவே இல்லை.

வாலட்டைத் தேர்ந்தெடுத்தால்? வங்கிக்கு மிக்ஸி திரும்பிப் போன விஷயமே தெரியாது. 20ஆம் தேதி பில்லில் 4,700 அப்படியே நிற்கும். 9ஆம் தேதிக்குள் சம்பளப் பணத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அவரிடம் மிச்சம் இருப்பது, அந்த ஒரு தளத்தில் மட்டும் செல்லும் 4,700 ரூபாய். அதே மிக்ஸி பக்கத்துக் கடைத்தெருவில் 4,400க்குக் கிடைத்தாலும் அந்தப் பணத்தைக் கொண்டு வாங்க முடியாது. பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாரானால், மாதம் 3.75 சதவீதம் வட்டி வாங்கும் கார்டில் இந்த 4,700க்கு மட்டும் மாதம் சுமார் 176 ரூபாய் வட்டி, அதன்மேல் ஜிஎஸ்டி. கையில் இல்லாத மிக்ஸிக்கு வட்டி!

பில் தயாரான பிறகு ரீஃபண்ட் வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. கட்டக் கடைசி நாளுக்கு முன் வரும் ரீஃபண்டை, பில் இன்னும் கட்டப்படாமல் இருந்தால், கட்ட வேண்டிய தொகையில் உடனே கழிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகள் சொல்கின்றன. மாதத் தவணையில் வாங்கியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பணம் வாலட்டுக்குப் போனால் தவணைக் கடன் வங்கியில் உயிரோடுதான் இருக்கும், கடைசித் தவணைவரை கட்டியாக வேண்டும். யூபிஐயிலோ டெபிட் கார்டிலோ கட்டியவருக்குக் காத்திருப்பு உண்மையானது, அவருடைய பணம் ஏற்கெனவே போய்விட்டது. ஆனாலும் அது சில நாள் பொறுமைதான்.

அடுத்ததாக, வாலட் என்று திரையில் தெரியும் எல்லாம் ஒரே வகை அல்ல. கேஒய்சி முழுதாக முடித்த வாலட் என்றால் அதிலிருந்து வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். 10,000 ரூபாய் வரம்புள்ள, குறைந்த விவரத்தில் தொடங்கிய சிறு வாலட்டில் பொருள் வாங்க மட்டுமே முடியும், ரொக்கமாக எடுக்கவோ பிறருக்கு அனுப்பவோ முடியாது. மூன்றாவது வகை, ஒரு கடை தன் கடைக்குள் மட்டும் செல்லும்படி தரும் கிரெடிட். இதை நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை. ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்பட்ட வாலட்டுக்குக் குறைந்தது ஓராண்டு செல்லுபடிக் காலம் உண்டு, காலாவதிக்கு முந்தைய 45 நாளில் எச்சரிக்கவும் வேண்டும். கடை கிரெடிட்டுக்குக் கடை எழுதிவைத்ததுதான் காலக்கெடு. ‘கேஷ்’, ‘பேலன்ஸ்’, ‘கிரெடிட்ஸ்’ என்று பெயர் எதுவாக இருந்தாலும், அதன் விதிமுறையில் வங்கிக்கு மாற்றலாமா, எப்போது காலாவதி என்ற இரண்டு வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இன்னொரு இழப்பு உடனே கண்ணில் படாது. கார்டுக்குத் திரும்பும் பணத்துக்கு ஏஆர்என் என்ற 23 இலக்க எண் உண்டு, யூபிஐக்கு 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. பணம் வரவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து வங்கியே தேடிக் கண்டுபிடிக்கும், தேவைப்பட்டால் கார்டு பரிவர்த்தனையைத் தகராறாகவும் எழுப்பலாம். கடை கிரெடிட்டாக வரும் வரவு கடையின் கணக்குப் புத்தகத்துக்குள் மட்டும் நடக்கும் மாற்றம். நாளைக்கு அந்தத் தொகை குறைந்தாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ பேச வேண்டிய ஒரே ஆள் கடைதான். திரும்பிய பொருளைச் சோதித்துவிட்டு, குறை இருப்பதாகச் சொல்லி வாலட்டில் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சில தளங்கள் விதிமுறையிலேயே வைத்திருக்கின்றன.

கடைக்கு இதில் என்ன லாபம் என்றால், விற்பனை கைவிட்டுப் போகாமல் அங்கேயே நிற்கிறது. வாங்கியவர் திரும்ப அங்கேதான் செலவழித்தாக வேண்டும். அதில் தவறில்லை, தெரிந்து தேர்ந்தெடுக்கும்வரை. தேர்வே தராமல் விட்டதுதான் ஓலா விஷயத்தில் பிரச்சினையானது. புகார் செய்த பயணிகளுக்கு அடுத்த பயணத்துக்கான கூப்பன் மட்டும் தரப்பட்டதைக் கவனித்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வங்கிக் கணக்கா கூப்பனா என்று பயணியே தேர்ந்தெடுக்க வழி செய்யும்படி 2024 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

வாலட் பொருத்தமாக இருக்கும் நேரமும் உண்டு. சட்டை அளவு சரியில்லை, அதே தளத்தில் அடுத்த அளவை இன்றே வாங்கப் போகிறீர்கள், தொகையும் சிறியது, கட்டியதும் யூபிஐயில் என்றால் வாலட்டில் குறையில்லை. பொருள் வந்ததும் ரொக்கமாகக் கட்டியவருக்குத் திரும்பிப் போக ஒரு கார்டு கிடையாது. அவர் வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தின் செயலிக்குள் சென்று பதிய வேண்டும். ரீஃபண்ட் தருகிறோம் என்று தொலைபேசியிலோ குறுஞ்செய்தி இணைப்பிலோ கேட்பவருக்கு அந்த விவரம் எதையும் தரக் கூடாது.

தவறுதலாக வாலட்டைத் தொட்டுவிட்டால், ஆள் வந்து பொருளை எடுப்பதற்குள் கவனித்துவிடுவது நல்லது. பல தளங்களில் ரிட்டர்ன் கோரிக்கையை ரத்து செய்து, கெடு முடிவதற்குள் புதிதாகப் போட்டு, ‘Original payment method’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வரவு விழுந்த பிறகு மாற்றுவது கடினம். அந்த வழி திரையில் காட்டப்படவே இல்லை என்றாலோ, தேர்ந்தெடுத்தும் வாலட்டுக்கே போனாலோ, திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரியிடமும், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.