வெட்டிய கிளைக்கு மதிப்பெண் கிடையாது

கட்டம் போட்டு எக்ஸ், ஓ எழுதி விளையாடும் டிக்-டாக்-டோவில் கம்ப்யூட்டரை ஜெயிக்க முடியாது என்பார்கள். நிரலைச் சரியாக எழுதியிருந்தால் அது உண்மைதான். ஆனால் ஒருவகை நிரல் உண்டு. நாலைந்து ஆட்டம் டிரா செய்துவிட்டு, திடீரென்று ஓர் ஆட்டத்தில் சின்னப் பிள்ளை போலத் தோற்கும். மறுபடி ஆடினால் ஒழுங்காக ஆடும். எழுதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆல்பா-பீட்டா வெட்டு என்ற உத்தி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் மினிமாக்ஸ். கம்ப்யூட்டர் ஓ, மனிதர் எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் முடிந்த நிலை ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரின் பக்கமிருந்து ஒரு மதிப்பெண்: ஜெயித்தால் 1, டிரா என்றால் 0, தோற்றால் -1. முடியாத நிலைக்கு நேரடியாக மதிப்பெண் போட முடியாது. அங்கிருந்து போகக்கூடிய எல்லா நிலைகளையும் பார்த்து, ஆட வேண்டியது கம்ப்யூட்டர் என்றால் அவற்றில் பெரிய எண்ணையும், மனிதர் என்றால் சிறிய எண்ணையும் எடுத்துக்கொள்கிறது. எதிராளி தவறே செய்யமாட்டார், நமக்கு எது மிக மோசமோ அதைத்தான் ஆடுவார் என்ற கணிப்பு இது. இப்படி ஆட்டத்தின் முடிவிலிருந்து எண்கள் மேலேறி வந்து, இப்போது முன்னால் இருக்கும் காய் நகர்வுகளுக்கு வந்து சேர்கின்றன.

வெறும் கட்டத்தில் தொடங்கி இப்படி எல்லாவற்றையும் பார்த்தால், டிக்-டாக்-டோவில் 5,49,946 நிலைகளைத் தொட வேண்டும். ஒரே நிலையை வெவ்வேறு வரிசையில் அடைந்தால் அதுவும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. இன்றைய கைப்பேசிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஏழு பத்திகள் கொண்ட கனெக்ட் ஃபோரில் எட்டு நகர்வு முன்னோக்கிப் பார்த்தாலே 57 லட்சம் வழிகள். ஒவ்வொரு கூடுதல் நகர்வுக்கும் அது ஏழால் பெருகும். வெட்டு தேவைப்படுவது இங்கேதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள ஒன்பது கட்டமே போதும்.

கட்டங்களுக்கு மேல் வரிசை 1, 2, 3, நடு வரிசை 4, 5, 6, கீழ் வரிசை 7, 8, 9 என்று எண் கொடுப்போம். மனிதர் 1-ல், அதாவது ஒரு மூலையில், எக்ஸ் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் முதலில் நடுவை, பிறகு மூலைகளை, கடைசியில் ஓரங்களைச் சோதிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. நடுவில், 5-ல் போட்டால் என்ன ஆகும் என்று கடைசிவரை பார்க்கிறது. 0 வருகிறது. குறைந்தது ஒரு டிரா கையில் இருக்கிறது. ‘எனக்கு இவ்வளவு உறுதி’ என்ற இந்த எண்தான் ஆல்பா. மனிதரின் பக்கமிருந்து ‘இதற்கு மேல் கம்ப்யூட்டரை விடமாட்டேன்’ என்ற எண் பீட்டா. ஆல்பா பீட்டாவைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தக் கிளையில் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து 3-ஐச் சோதிக்கிறது. அதற்கு மனிதரின் பதில்களில் முதலாவது 5. உடனே 9-ல் தடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் 3, 9 சேர்ந்து மிரட்டுவதால் மனிதர் 6-ல் தடுக்க வேண்டும். அது 4-ஐ மிரட்டுவதால் கம்ப்யூட்டர் 4. மீதியை எப்படி நிரப்பினாலும் இருவரும் கவனமாக இருந்தால் டிரா. ஆக 0. இந்த இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. மனிதருக்கு இந்த ஒரு பதிலே 0 வரை இழுத்துவிடுகிறது. இன்னும் நல்ல பதில் இருந்தால் எண் குறையுமே தவிரக் கூடாது. கையில் ஏற்கெனவே 0 இருக்கிறது. 3 அதைவிட மேலாக வர வழியே இல்லை. மீதி ஆறு பதில்களையும் பார்க்காமலே கிளையை வெட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

வாடகைக்கு வீடு தேடுபவர் செய்வதும் இதுதான். ஒத்துவரும் வீடு ஒன்று கையில் இருக்கும்போது, இரண்டாவது வீட்டின் வாடகையும் அதேதான், வசதி எதுவும் கூடுதலில்லை என்று வாசலிலேயே தெரிந்தால் திரும்பிவிடுவார். கூரை ஒழுகுமா என்று அவர் பார்க்கவே இல்லை.

முதலில் நடுவைப் பார்த்ததால்தான் ஆல்பா சீக்கிரமே 0-க்கு ஏறியது. மோசமான கட்டத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஆல்பா -1-லேயே கிடந்திருக்கும், வெட்டு குறைந்திருக்கும். நல்ல நகர்வுகள் எப்போதும் முதலில் வந்தால் பார்க்க வேண்டிய கடைசி நிலைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட வர்க்கமூலம் அளவுக்குச் சுருங்கும் என்று டொனால்ட் நூத்தும் ரொனால்ட் மூரும் 1975-ல் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். அதே நேரத்தில் ஏறக்குறைய இருமடங்கு ஆழம் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். வரிசை மோசமானால் லாபம் பூஜ்யம். விடை மட்டும் மாறாது.

இப்போது அந்தத் தோல்விக்கு வருவோம். கம்ப்யூட்டர் எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் சலிப்பாக இருக்கும் என்று, சம மதிப்பெண் பெற்ற நகர்வுகளையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து, அதிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்றை எடுக்கச் சொல்லியிருப்பார் நிரலாளர்:

```python
if v == best:
    choices.append(m)
```

வெட்டு இல்லாத மினிமாக்ஸில் இது முற்றிலும் சரி. வெட்டு வந்ததும் தவறு. 3-க்கு 0 என்று திரும்பி வந்ததல்லவா? அது மதிப்பெண் அல்ல. ‘0 அல்லது அதற்கும் கீழே’ என்ற வரம்பு மட்டுமே. நிரல் அதை 5-க்கு வந்த நிஜமான 0-வோடு சமமாக்கிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. ஒரு நாள் சீட்டு 3-க்கு விழும். மனிதர் அடுத்து 7-ல் போடுவார். 1, 7 சேர்ந்து மிரட்டுவதால் கம்ப்யூட்டர் 4-ல் தடுக்கும். மனிதர் 9. இப்போது 5-லும் 8-லும் ஒரே நேரத்தில் மிரட்டல். ஒன்றைத்தான் தடுக்க முடியும். வெட்டிய கிளையில் பார்க்காமல் விட்ட முதல் பதிலே அந்த 7-தான்.

சரிசெய்ய இரண்டு வழி. முந்தையதைவிடக் கண்டிப்பாகப் பெரிய எண் வந்தால் மட்டுமே நகர்வை மாற்றுவது ஒன்று. அப்போது முதலில் வந்த 5 அப்படியே நிற்கும், ஆட்டமும் ஒரே மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது மற்றது: முதல் மட்டத்தில் மட்டும் ஒவ்வொரு நகர்வையும் தேடும்போது `alpha` இடத்தில் `best - 1` கொடுப்பது. 0 கையில் இருந்தால் -1 கொடுக்கிறோம். 3-க்கு முதல் பதிலில் 0 வந்தாலும் இப்போது வெட்டு விழாது. அடுத்த பதிலான 7-ஐப் பார்க்கும், -1 கிடைக்கும், அதன் பிறகே வெட்டும். தேடல் கொஞ்சம் கூடுகிறது. பதிலுக்கு, சமம் என்று வரும் எண்கள் நிஜமாகவே சமம்.

இந்தப் பிழை சாதாரணச் சோதனையில் மாட்டாததற்கும் காரணம் உண்டு. வெட்டுள்ள நிரலும் வெட்டில்லாத நிரலும் ஒரு நிலைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை ஒப்பிட்டால் இரண்டும் 0 என்றுதான் சொல்லும், ஏனென்றால் சிறந்த நகர்வின் எண் சரிதான். ஒப்பிட வேண்டியது நகர்வுப் பட்டியலை. டிக்-டாக்-டோவில் வரக்கூடிய வெவ்வேறு நிலைகள் 5,478 மட்டுமே என்பதால், ஆட்டம் முடியாத எல்லாவற்றுக்கும் இரண்டு பட்டியல்களையும் எடுத்துவிடலாம். 1-ல் மட்டும் எக்ஸ் உள்ள நிலையில் வெட்டில்லாத நிரலின் பட்டியலில் 5 ஒன்றுதான் இருக்கும். மற்றதில் 3-ம் உட்கார்ந்திருந்தால் பிழை அங்கேதான்.