பத்து ஆண்டு கழித்து வரும் பென்ஷனுக்கு இன்று என்ன விலை?

ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் ஒரு பென்ஷன் திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரே தவணையாக 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அறுபது வயதிலிருந்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வரும். இருபது ஆண்டு வாங்கினாலே 24 லட்சம் ஆகிவிடும், போட்டதைப் போல மூன்று மடங்கு என்பார்கள். கூட்டல் சரிதான். ஆனால் 8 லட்சத்தையும் 24 லட்சத்தையும் பிரிக்கும் காலத்தை அந்தக் கூட்டல் கணக்கில் எடுப்பதே இல்லை. பணம் கட்டிச் சில ஆண்டுகள் கழித்துப் பென்ஷன் தொடங்கும் இத்தகைய திட்டங்களை டிஃபர்டு ஆன்யூட்டி என்பார்கள். அதன் இன்றைய மதிப்பைத் தெரிந்துகொள்ளாமல் விலை நியாயமா என்று சொல்ல முடியாது.

இதே பணத்தை வேறு நம்பகமான இடத்தில் போட்டால் 7 சதவீதம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வோம். கணக்கை இரண்டு கட்டமாகப் போட வேண்டும். முதலில், இருபது பென்ஷன் தவணைகளையும் ஒரே தொகையாகச் சுருக்க வேண்டும். 7 சதவீதத்தில் இருபது தவணைக்கான பெருக்கு எண் 10.594. அதை 1,20,000 ஆல் பெருக்கினால் 12,71,282 ரூபாய். அடுத்து, அந்தத் தொகையை இன்றைக்குக் கொண்டுவர வேண்டும்.

எத்தனை ஆண்டு பின்னால் கொண்டுவருவது? பென்ஷன் தொடங்கப் பத்து ஆண்டு இருப்பதால் பத்து என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இங்கேதான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. 10.594 என்ற எண், முதல் தவணை வருவதற்கு ஓர் ஆண்டு முந்தைய மதிப்பைத் தருவது. ஆகவே 12,71,282 என்பது அறுபதாவது வயதின் தொகை அல்ல, ஐம்பத்தொன்பதாவது வயதின் தொகை. அங்கிருந்து இன்றைக்கு ஒன்பது ஆண்டுதான். 1.07ஐ ஒன்பது முறை பெருக்கினால் வரும் 1.8385 ஆல் வகுத்தால் 6,91,493 ரூபாய். பத்து ஆண்டு என்று வகுத்திருந்தால் 6,46,255 வந்திருக்கும். ஓர் ஆண்டுப் பிசகில் 45,000 ரூபாய்க்கு மேல் காணாமல் போகிறது.

எக்செல் தெரிந்தவர்கள் ஒரே வரியில் போட்டுவிடலாம்:

```
=PV(7%,20,-120000)/1.07^9
```

விடை சரியா என்று பார்க்க எளிய வழி, பணத்தை முன்னோக்கி ஓட்டிப் பார்ப்பது. 6,91,493 ரூபாய் 7 சதவீதத்தில் பத்து ஆண்டு வளர்ந்தால் அறுபதாவது வயதில் சுமார் 13,60,272 ஆகும். முதல் தவணையை எடுத்தால் 12,40,272 மிச்சம். அது ஓர் ஆண்டு வட்டி சேர்த்த பிறகு அடுத்த தவணையை எடுங்கள். இப்படியே போனால் இருபதாவது தவணையோடு கணக்கு பூஜ்யமாக வேண்டும். பணம் மிஞ்சினாலோ நடுவில் தீர்ந்தாலோ, எங்கோ ஆண்டைத் தவறாக எண்ணியிருக்கிறோம்.

ஆக, இந்தப் பென்ஷனின் இன்றைய மதிப்பு சுமார் 6.9 லட்சம். கேட்கும் விலையோ 8 லட்சம். ஒப்பிடும் வட்டி 6 சதவீதம்தான் என்றால் மதிப்பு 8.15 லட்சமாக உயர்ந்துவிடும், அப்போது விலை ஏறத்தாழ நியாயம். 8 சதவீதம் என்றால் 5.9 லட்சம்தான். காத்திருக்கும் காலம் நீள நீள வட்டி விகிதத்தின் பிடியும் இறுகும். அதனால் உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய வட்டியையே ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும், ஆசைப்படும் வட்டியை அல்ல.

சில திட்டங்களில், இறந்த பிறகு போட்ட பணம் குடும்பத்துக்குத் திரும்பிவிடும். அதையும் எடை போடலாம். எண்பதாவது வயதில், அதாவது முப்பது ஆண்டு கழித்துத் திரும்பும் 8 லட்சத்தின் இன்றைய மதிப்பு, 7 சதவீதத்தில், சுமார் 1,05,000 ரூபாய். அதைச் சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட 8 லட்சம் ஆகிறது. அந்த ஒரு நிபந்தனை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் மேலே சொன்ன திட்டம் தேறுவதும் தேறாததும் இருக்கிறது.

இருபது தவணை என்பது நாம் வைத்துக்கொண்ட எல்லை. ஆயுள் முழுதும் தரும் பென்ஷன் என்றால் தொண்ணூறு வரை வாழ்பவருக்கு மதிப்பு கூடும், அறுபத்தைந்தில் போய்விடுபவருக்குக் குறையும். காப்பீட்டு நிறுவனம் சராசரி ஆயுளை வைத்து விலை போடுகிறது. நீண்ட ஆயுள் உள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தாலும் திட்டம் பயன்படலாம்.

விலைவாசியையும் விட முடியாது. பெரும்பாலான ஆன்யூட்டிகளில் தொகை உயராது. ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறினால், அறுபது வயதில் வாங்கும் மாதம் 10,000 ரூபாய் இன்றைய 6,139 ரூபாய்க்குத்தான் சமம்.

கையெழுத்துப் போடும் முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: முதல் தவணை வரும் தேதி, இறந்தால் திரும்பும் தொகை, ஆண்டுதோறும் பென்ஷன் உயருமா என்பது. இந்த மூன்றும் கையில் இருந்தால் மேலே உள்ள கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம்.