எப்போதாவது அணையும் கணினி

மேசைக் கணினி திடீரென்று அணைந்து மறுபடி தொடங்குகிறது. பழுது பார்ப்பவர் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. இதற்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டு. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது என்ன வேலை நடந்தது என்று உடனே எழுதிவிடுங்கள். விண்டோஸின் Event Viewer-இல் Kernel-Power 41 என்ற பதிவு இருக்கும். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது காரணம் சொல்லாது. அதிலுள்ள நேரமும் மறுபடி தொடங்கிய நேரம்தான்.

பலர் ரேம், டிரைவர், பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. பவர் சப்ளைக்குக் கொடுத்த பணம் வீண் செலவாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயாஸில் XMP-ஐ நிறுத்தி, ரேமை இயல்பு வேகத்தில் ஓடவிடலாம். அதையும் தேதியோடு நோட்டில் எழுதிவிட்டு, வழக்கமான வேலையையே தொடருங்கள்.

எத்தனை நாள் பொறுப்பது? நோட்டின்படி சராசரியாக 3 நாளுக்கு ஒருமுறை அணைகிறது என்றால், 3 நாள் அமைதியை நம்பவே கூடாது. எதையும் மாற்றாமலே அப்படிக் கழிய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்புண்டு. 9 நாள் கழிந்தால் அது சுமார் 5 சதவீதமாகக் குறையும். அதன்பின் XMP-ஐ மறுபடி போட்டுப் பாருங்கள். கோளாறு திரும்பினால், ரேமோ மதர்போர்டோ பிராசசரோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று உறுதியாகச் சந்தேகிக்கலாம்.