வாஷிங் மெஷினில் ‘OE’ காட்டி நிற்கிறதா? ஆளைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போட வேண்டிய யூனிஃபார்ம் முழுவதும் மெஷினுக்குள். துவைத்து முடிக்கும் நேரத்தில் மெஷின் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. திரையில் OE. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது, கதவும் திறக்கவில்லை. “மோட்டார் போச்சு, ரெண்டாயிரமோ மூவாயிரமோ” என்று வீட்டில் ஒரு குரல் எழும்.

அந்தக் குறியீடு சொல்வது அதை அல்ல.

குறியீடு உண்மையில் என்ன சொல்கிறது?

டிரம்மில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்க மெஷினுக்குள் ஒரு சென்சார் உண்டு. துவைத்து முடிந்ததும் அடியில் இருக்கும் பம்ப் ஓடி, தண்ணீரை வெளியே தள்ளும். சில நிமிடங்கள் ஆகியும் தண்ணீர் மட்டம் குறையவில்லை என்றால் மெஷின் நின்றுவிடும். எல்ஜியில் இது OE. சாம்சங்கில் 5C, பழைய மாடல்களில் 5E. போஷ் மெஷின்களில் E18.

ஆக, ‘தண்ணீர் நேரத்துக்குள் வெளியேறவில்லை’ என்பது மட்டுமே செய்தி. காரணம் பம்பாக இருக்கலாம். பம்புக்கு முன்னால் உள்ள ஃபில்டராக இருக்கலாம். பின்னால் போகும் ஹோஸாக இருக்கலாம். வீட்டுச் சாக்கடைக் குழாயாகவும் இருக்கலாம். இதில் பம்பைத் தவிர மற்ற மூன்றையும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலேயே பார்த்துவிடலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே எடுத்துவிட வேண்டும். தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். வெந்நீரில் துவைக்க வைத்திருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். 60 டிகிரியில் ஓடிய மெஷினின் ஃபில்டரை உடனே திறந்தால், கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீர் கையிலும் காலிலும் கொட்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கதவை நெம்பித் திறக்கவும் கூடாது. உள்ளே தண்ணீர் நிற்பதால்தான் பூட்டு விடவில்லை. தண்ணீர் இறங்கியபின் அதுவே திறந்துகொள்ளும்.

ஃபில்டரைத் திறப்பது எப்படி?

முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷினில், கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் திருகக்கூடிய வட்டமான ஃபில்டர் தெரியும். பெரும்பாலான மாடல்களில் அதன் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு குட்டி ரப்பர் ட்யூபும் இருக்கும். முதலில் அந்த ட்யூபை வெளியே இழுத்து, தட்டையான பாத்திரத்துக்குள் விட்டு, அதன் அடைப்பைக் கழற்றுங்கள். பாத்திரம் நிரம்பியதும் மூடி, கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். பத்து லிட்டருக்கு மேலேயும் வரக்கூடும் என்பதால் பொறுமை வேண்டும்.

ட்யூப் இல்லாத மாடல் என்றால், பழைய துண்டுகளைத் தரையில் போட்டு, ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, தண்ணீரைக் கசியவிட்டுக் கசியவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒரேயடியாகத் திருகி எடுத்தால் வீடே குளமாகும்.

தண்ணீர் நின்றபின் ஃபில்டரை வெளியே எடுங்கள். கிடைப்பது பெரும்பாலும் சில்லறைக் காசு, ஹேர்பின், சட்டைப் பட்டன், குழந்தையின் சாக்ஸ், நூலும் முடியும் சேர்ந்த கொழகொழப்பு. ஊசி, பிளேடு துண்டு இருக்கலாம் என்பதால் உள்ளே வெறும் விரலை விட்டுத் துழாவாதீர்கள். மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபில்டர் இருந்த குழிக்குள் சின்ன விசிறி போல ஒன்று தெரியும். தண்ணீரைத் தள்ளுவது அதுதான். ஒரு குச்சியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். விட்டு விட்டு, தடக் தடக் என்று சுற்றினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் காந்தத்தால் அப்படித்தான் சுற்றும். அசையவே இல்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. நூல் என்றால் மெல்ல உருவி எடுக்கலாம்.

ஃபில்டரைக் கழுவி, நேராக வைத்து, இறுக்கமாகத் திருகுங்கள். கோணலாக உட்கார்ந்தால் அடுத்த முறை துவைக்கும்போது அங்கிருந்தே ஒழுகும்.

காசு கிடைத்தும் மறுபடி OE வந்தால்?

முதலில் சொன்ன வீட்டுக்கே வருவோம். ஃபில்டரில் ஒரு ரூபாய் காசும் கொஞ்சம் நூலும் கிடைக்கின்றன. ‘அதான் காரணம்’ என்று எல்லோருக்கும் நிம்மதி. ஸ்பின் போட்டால் சில நிமிடத்தில் மறுபடி OE. இத்தனைக்கும் விசிறி நன்றாகவே சுற்றியது.

இங்கேதான் ஹோஸைப் பார்க்க வேண்டும். மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினை முன்னால் இழுத்து, ஹோஸ் சுவரில் நசுங்கியிருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பம்ப் உள்ள மெஷினுக்கு ஹோஸின் முனை தரையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கிக் கட்டினால் பம்ப் திணறும். சாக்கடைக் குழாய்க்குள் ஆழமாகத் திணித்திருந்தாலும் தண்ணீர் போக வழி இருக்காது.

மடிப்பு இல்லை என்றால் வாளிச் சோதனை. ஹோஸின் முனையைச் சாக்கடைக் குழாயிலிருந்து எடுத்து ஒரு பெரிய வாளிக்குள் விடுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு, ஈரமில்லாத கையால் பிளக்கைச் செருகி ஸ்பின் போடுங்கள். ஒருவர் ஹோஸைப் பிடிக்க, இன்னொருவர் மெஷினின் பட்டனில் கை வைத்திருப்பது நல்லது. வாளி சீக்கிரமே நிரம்பிவிடும்.

அந்த வீட்டில் தண்ணீர் ‘சர்ர்’ என்று கொட்டுகிறது. அப்படியானால் பம்பும் ஹோஸும் சரி. அடைத்திருப்பது பாத்ரூம் குழாய். கூப்பிட வேண்டியது மெஷின்காரரை அல்ல, பிளம்பரை. அன்றைக்கு ஹோஸை வாளியில் விட்டே யூனிஃபார்மைப் பிழிந்து எடுத்துவிடலாம்.

மேலே மூடி உள்ள மெஷினா?

டாப் லோடு மெஷின்கள் பலவற்றில் பம்பே கிடையாது. அடியில் ஒரு வால்வு திறக்க, தண்ணீர் தானாக இறங்கி ஓடும். அதனால் ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். பாத்ரூம் வாசல்படி மேலே ஏற்றி வைத்தாலோ, குழாயில் தூக்கி மாட்டினாலோ தண்ணீர் இறங்காது. ஹோஸைக் கீழே போட்டதும் ஓடினால் பிரச்சினை அவ்வளவுதான்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

ஸ்பின் போடும்போது ‘ம்ம்ம்’ என்று உறுமல் மட்டும் கேட்டு, வாளிக்குள் தண்ணீர் வரவில்லை என்றால், பம்ப் சிக்கியிருக்கிறது அல்லது ஹோஸுக்குள் அடைப்பு. சத்தமே இல்லை என்றால் பம்போ, ஒயரோ, போர்டோ பழுது. இரண்டுக்கும் ஆள் வேண்டும். கருகிய வாடை வந்தாலோ, வீட்டு டிரிப்பர் விழுந்தாலோ, மெஷினைத் தொட்டால் சுரீர் என்று இருந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு பிளக்கை எடுத்து, ஆள் வரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே மின்சாரமும் தண்ணீரும் அருகருகே இருக்கின்றன. வாரண்டி இருந்தால் அதற்கும் சிக்கல் வரும்.

போனில் “OE வருது” என்று மட்டும் சொல்லாமல், “ஃபில்டர் கழுவியாச்சு, வாளியில விட்டும் தண்ணி வரல, உறுமல் சத்தம் மட்டும் கேக்குது” என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் பம்பைக் கையோடு எடுத்து வந்தால், இரண்டாவது நடைக்கான காத்திருப்பு மிச்சம்.