கேரிக்குக் காத்திராத கூட்டல்

62748 என்ற எண்ணோடு 15254-ஐக் கூட்டிப் பாருங்கள். வலக்கோடியில் 8-உம் 4-உம் சேர்ந்து 12. 2 எழுதி 1-ஐ அடுத்த இடத்துக்கு ஏற்றுகிறோம். பத்தாம் இடத்தில் 4-உம் 5-உம் சேர்ந்து 9, ஏறி வந்த 1-ஐயும் சேர்த்தால் 10. நூறாம் இடத்திலும் 7-உம் 2-உம் 9 என்பதால் அதே கதை. ஆயிரத்தில் 2-உம் 5-உம் 7, வந்த 1-ஐச் சேர்த்து 8. அங்கே கேரி நின்றுவிடுகிறது. விடை 78002.

இப்போது அதே கணக்கைக் கூட்டாமல், ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றாம் இடத்தில் இரண்டு இலக்கங்களின் கூடுதல் 10-ஐத் தாண்டுகிறது. வலப்புறம் என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும் இங்கிருந்து ஒரு கேரி கிளம்பியே தீரும். பத்தாம் இடமும் நூறாம் இடமும் சரியாக 9. இவை தாமாகக் கேரியை உண்டாக்காது. ஆனால் ஒன்று வந்தால் அப்படியே மேலே அனுப்பிவிடும். ஆயிரமாம் இடத்தில் 7 தான். கேரி வந்தாலும் அது 8 ஆகுமே தவிர மேலே எதுவும் போகாது. இந்த மூன்று வகையையும் கண்டுகொள்ள, பக்கத்து இடத்தின் விடைக்காக நாம் காத்திருக்கவே இல்லை. எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். வேகமான கூட்டியின் அடிப்படை முழுவதும் இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

இதை முதலில் ஓர் இயந்திரத்துக்குக் கற்றுத்தர முயன்றவர் சார்லஸ் பாபேஜ். 1830-களில் அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரம் பற்சக்கரங்களால் ஆனது. 50 இலக்க எண்களையெல்லாம் கையாள வேண்டியது. கேரி ஒவ்வொரு சக்கரமாக ஏறிக்கொண்டிருந்தால் கூட்டலைவிட அதற்கே அதிக நேரம் போய்விடும் என்பதை அவர் கண்டார். எந்தெந்தச் சக்கரங்கள் 9-இல் நிற்கின்றன என்பதை முன்கூட்டியே அறிந்து, எல்லாக் கேரிகளையும் ஒரே வீச்சில் ஏற்றும் பொறியமைப்பை வரைந்தார். அந்த எந்திரம் முழுமையாக உருவாகவில்லை. எனினும் எண்ணம் சரியானது.

மின்னணுக் கூட்டிகளில் இலக்கங்கள் 0, 1 மட்டுமே என்பதால் விதி இன்னும் எளிது. இரண்டு பிட்டுகளும் 1 என்றால் அந்த இடம் கேரியை உண்டாக்கும்: இதற்கு ‘ஜெனரேட்’ என்று பெயர், அடையாளம் g. இரண்டில் ஒன்று மட்டும் 1 என்றால் வந்த கேரியைக் கடத்தும்: இது ‘புராபகேட்’, அடையாளம் p. இரண்டும் 0 என்றால் கேரி அங்கே செத்துவிடும். g-க்கு ஓர் அண்ட் கேட் போதும். p-க்கு எக்ஸார் கேட் போடலாம், ஆர் கேட்டும் போடலாம். கேரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விடைதான் தரும்; ஏனென்றால் இரண்டு பிட்டும் 1 ஆனால் g ஏற்கெனவே 1 ஆகியிருக்கும். ஆனால் இறுதிக் கூடுதலைக் கணக்கிட எக்ஸார்தான் வேண்டும். அங்கேயும் ஆர் கேட்டின் p-யைப் பயன்படுத்திவிட்டுத் தவறான விடையோடு திண்டாடும் மாணவர்கள் உண்டு.

சாதாரணமான ரிப்பிள் கேரி கூட்டியில் ஒவ்வொரு இடமும் தன் வலப்பக்கத்து இடம் கேரியைத் தரும்வரை காத்திருக்கும். 1111-உடன் 0001-ஐச் சேர்க்கும்போது, அதாவது 15-உடன் 1-ஐக் கூட்டும்போது, அதன் வெளியீட்டைக் கவனித்தால் இது புரியும். கேரிகள் எல்லாம் 0-வாக இருந்த நிலையில் தொடங்கினால் முதலில் 14 தெரியும், பிறகு 12, பிறகு 8, பிறகு 0, கடைசியில்தான் சரியான 16. நடுவில் யாராவது விடையை எடுத்துக்கொண்டால் அது பிழையான விடை. எனவே கணினியின் கடிகாரத் துடிப்பு, கேரி கடைசி இடம்வரை ஓடி முடிக்கும் மிக மோசமான கணக்குக்கும் இடம் கொடுத்துத்தான் அடிக்க வேண்டும். பெரும்பாலான கூட்டல்களில் கேரி சில இடங்களோடு நின்றுவிடும் என்றாலும், அதனால் கடிகாரத்துக்கு லாபமில்லை.

கேரி லுக்அஹெட் கூட்டி இந்தக் காத்திருப்பை வெட்டுகிறது. ஓர் இடத்திலிருந்து வெளியேறும் கேரி, அந்த இடமே உண்டாக்கியதாக இருக்கும், அல்லது உள்ளே வந்ததை அது கடத்தியதாக இருக்கும். உள்ளே வந்ததற்கும் அதே விதியை எழுதி, மீண்டும் மீண்டும் உள்ளே பொருத்தினால், எந்தக் கேரியும் வேறொரு இடைக்கேரியைச் சார்ந்திராத சமன்பாடுகள் கிடைக்கும்:

```
c1 = g0 + p0·c0
c2 = g1 + p1·g0 + p1·p0·c0
c3 = g2 + p2·g1 + p2·p1·g0 + p2·p1·p0·c0
c4 = g3 + p3·g2 + p3·p2·g1 + p3·p2·p1·g0 + p3·p2·p1·p0·c0
```

இங்கே + என்பது ஆர், புள்ளி என்பது அண்ட். 1011-உடன் 0110-ஐக் கூட்டிப் பார்ப்போம், 11-உம் 6-உம். வலமிருந்து எண்ணினால் 0, 2, 3 ஆகிய இடங்கள் கடத்துபவை. 1-ஆம் இடம் மட்டும் உண்டாக்குவது. c0 பூஜ்ஜியம் என்பதால் c1-உம் பூஜ்ஜியம். g1 ஒன்று என்பதால் c2 ஒன்று. p2·g1 ஒன்று என்பதால் c3 ஒன்று. p3·p2·g1 ஒன்று என்பதால் c4-உம் ஒன்று. நான்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டன. ஒவ்வொரு இடத்தின் p-யையும் அதற்குள் வரும் கேரியையும் எக்ஸார் செய்தால் 0001, மேலே கேரி 1: ஆக 10001, அதாவது 17.

நேரத்தைக் கேட் கணக்கில் அளக்கலாம். எல்லாக் கேட்டுகளும் ஒரே நேரம் எடுப்பதாகக் கொள்வோம். g, p கிடைக்க 1 கேட், கேரிகளுக்கு அண்ட் ஒன்றும் ஆர் ஒன்றுமாக 2, கூடுதலுக்கு 1: மொத்தம் 4. ரிப்பிள் கூட்டியில் கேரி ஒவ்வோர் இடத்தையும் கடக்க 2 கேட் ஆகும் என்பதால் 4 பிட்டுக்கு 8.

அப்படியானால் 64 பிட்டுக்கும் இதே சமன்பாட்டை நீட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. c4-இன் கடைசி உறுப்புக்கே 5 உள்ளீடு கொண்ட அண்ட் கேட் வேண்டும். C64-க்கு 65 உள்ளீடு வேண்டும். அத்தனை உள்ளீடுள்ள கேட் மிகவும் மந்தமாகிவிடும், p0 போன்ற ஒரு சமிக்ஞை எண்ணற்ற கேட்டுகளை இயக்க வேண்டிவரும், கம்பிகள் குவிந்துவிடும்.

இதற்கு வழி, பிட்டுகளை நான்கு நான்காகக் கட்டி, ஒவ்வொரு கட்டையும் ஒரே பெரிய இலக்கம்போல நடத்துவது. நான்கு p-யும் 1 என்றால் அந்தக் கட்டு முழுவதும் கேரியைக் கடத்தும். c4-இன் கடைசி உறுப்பைத் தவிர்த்த மீதிதான் கட்டின் ஜெனரேட். இந்தக் கட்டு மதிப்புகளைக்கொண்டு மேலே இன்னொரு லுக்அஹெட் அடுக்கு. 1970-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட 74181 என்ற 4 பிட் சிப் தன் கட்டு g, p மதிப்புகளை வெளியே தந்தது. 74182 என்ற துணைச் சிப் அப்படிப்பட்ட நான்கைச் சேர்த்து 16 பிட் கூட்டியாக்கியது.

16 பிட்டில் ரிப்பிளுக்கு 32 கேட் நேரம், இரண்டடுக்கு லுக்அஹெட்டுக்கு 8. அந்தக் காலத்து சாதாரணக் கேட் ஒன்றுக்குச் சுமார் 10 நானோநொடி என்று வைத்தால் 320-க்கு எதிரே 80. 64 பிட்டில் 128-க்கு எதிரே மூன்றடுக்கில் 12. பிட் எண்ணிக்கை நான்கு மடங்கானால் ரிப்பிளின் நேரமும் நான்கு மடங்காகிறது. லுக்அஹெட்டுக்கு ஓர் அடுக்குதான் கூடுகிறது, அதற்கு 4 கேட் நேரம்.

இதற்கான விலை கூடுதல் கேட்டுகளும் பரப்பும் மின்சாரமும். அதனால் இது எங்கும் பொருந்தாது. எஃப்பிஜிஏ சிப்புகளில் கேரிக்கென்றே மிக வேகமான தனிப்பாதை பதிக்கப்பட்டிருக்கும். அங்கே வழக்கமான அகலங்களில் சாதாரண ரிப்பிள்தான் பெரும்பாலும் முந்தும். 4 பிட் கூட்டல் மட்டும் வேண்டிய, அவசரமில்லாத சுற்றுக்கும் ரிப்பிளே போதும். 32, 64 பிட்டுகளைக் கடிகாரத்தின் ஒரே துடிப்புக்குள் கூட்ட வேண்டிய செயலிக்குத்தான் g-யும் p-யும் தவிர்க்க முடியாதவை.