அந்த நூறு ரூபாய் எங்கிருந்து போகிறது?

மதுரையில் ஒரு சிறிய சுங்குடிச் சேலைக் கடை. ஒரு அம்மா சேலையை விரித்துப் பார்க்கிறார். முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறார். சாயம் போகுமா என்று கேட்கிறார். பிறகு சீட்டில் உள்ள 1,600 ரூபாயைப் பார்த்துவிட்டு, "நூறு ரூபா குறைச்சுப் போடு தம்பி, எடுத்துக்கிறேன்" என்கிறார். கடைக்காரருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆயிரத்து அறுநூறில் நூறு, ஆறு சதவீதம்தான். வந்தவர் போய்விடக் கூடாதே என்று தலையாட்டிவிடுவார்.

அந்த நூறு எங்கிருந்து போகிறது என்று பார்க்கலாம். வரியைத் தனியே வைத்துவிடுவோம். நெசவும் சாயமும் சேர்ந்து அந்தச் சேலையின் கொள்முதல் 1,150 ரூபாய் என்று கொள்வோம். கடை வாடகை, உதவியாள் சம்பளம், மின்கட்டணம், பை, போக்குவரத்து எல்லாவற்றையும் மாதம் விற்கும் சேலைகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 250 ரூபாய் விழுகிறது. ஆக, சேலை 1,400 ரூபாயில் வந்து நிற்கிறது. 1,600க்கு விற்றால் கைக்கு மிஞ்சுவது 200. அம்மா கேட்ட நூறு இந்த இருநூறிலிருந்துதான் போகிறது. நெசவாளரும் கடையின் சொந்தக்காரரும் அதில் ஒரு ரூபாய்கூட ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. வாங்குபவருக்கு ஆறு சதவீதமாகத் தெரிவது விற்பவருக்குப் பாதி லாபம். அதே லாபத்தை எட்ட இன்னொரு சேலை விற்றாக வேண்டும்.

ஆகவே விற்பவர் மூன்று எண்களை மனதில் வைத்திருக்க வேண்டும். ஒன்று அசல், அதாவது 1,150. அடுத்தது செலவும் சேர்ந்த கட்டுப்படி விலை, 1,400. மூன்றாவது சீட்டு விலை, 1,600. இந்த மூன்றும் தெளிவாகத் தெரிந்தவருக்குக் குரல் உயராது. தெரியாதவர்தான் பேரம் நீளும்போது எரிச்சல்படுவார், அல்லது பயந்துபோய் விட்டுக்கொடுப்பார்.

எப்படியும் குறைக்கச் சொல்வார்கள் என்று 2,000 என ஒட்டிவைத்து 1,600க்கு இறங்கும் வழியும் உண்டு. பல கடைத்தெருக்களில் அதுதான் நடைமுறை. அதில் இரண்டு நஷ்டம். பேரம் பேசத் தயங்குபவர் சீட்டைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் வெளியேறிவிடுவார்; அவர் போனது கடைக்காரருக்குத் தெரியவும் தெரியாது. பேரம் பேசாமல் 2,000 கொடுத்தவரோ, அடுத்த வீட்டுக்காரர் அதே சேலையை 1,600க்கு வாங்கியதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் படியை மிதிக்க மாட்டார். சீட்டு விலை நியாயமாக இருந்தால்தான் அதைப் பிடித்து நிற்க முடியும்.

பிடித்து நிற்பது என்றால் "ஒரே விலைதான், வேணும்னா எடுங்க" என்று முகத்தை இறுக்கிக்கொள்வது அல்ல. விலை கேட்பவர் சண்டைக்கு வரவில்லை. சேலையை மடித்துப் பார்த்து, துவைக்கும் முறை கேட்டு, ரவிக்கைக்குப் பொருத்தம் தேடியவர் பாதிக்கு மேல் முடிவெடுத்துவிட்டார். ஏமாறவில்லை என்ற நிம்மதிதான் இனி அவருக்கு வேண்டும். அந்த நிம்மதியைக் காரணம் சொல்லியும் கொடுக்கலாம்.

"அம்மா, இது கையால முடிச்சுப் போட்ட சுங்குடி. இந்தப் புள்ளியைத் தடவிப் பாருங்க."

நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பதால், கட்டிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கிறது. முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டும். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராது. அச்சில் அடித்ததில் புள்ளிகள் ஒரே அளவாக இருக்கும், தடவினால் துணி வழவழவென்று போகும். இதைக் காட்டிவிட்டால், "பக்கத்துக் கடையில எழுநூறுதானே" என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும். பக்கத்துக் கடையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. "அது அச்சுச் சேலையா இருக்கும்மா, அந்த விலைக்கு அதுவும் சரிதான்" என்றால் போதும்.

காரணத்தை ஒருமுறை சொன்னால் போதும். மூன்றுமுறை சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். வாடிக்கையாளர் யோசிக்கும் அந்த அரை நிமிடம் கடைக்காரருக்கு நெடுநேரமாகத் தோன்றும். அதைத் தாங்க முடியாமல் "சரி, ஐம்பது குறைச்சுக்கங்க" என்று தானே வாயைத் திறப்பவர்கள் ஏராளம். பல நேரம் எதிரே நிற்பவர் கைப்பையில் பணத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். கேட்டவுடனே இறங்கினால் வாங்கியவருக்கும் திருப்தி இருக்காது. இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்ற குறையோடுதான் வீட்டுக்குப் போவார்.

உண்மையிலேயே கையில் அவ்வளவு இல்லாதவரும் வருவார். அவரிடம் "உங்க பட்ஜெட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்க" என்பது அவமதிப்பு. "ஆயிரத்துக்குள்ள அச்சுச் சுங்குடி புதுசா வந்திருக்கு, நல்லா உழைக்கும். எடுத்துப் போடவாம்மா?" என்றால் விலையும் நிற்கும், அவர் முகமும் வாடாது. பணத்துக்கு ஏற்றபடி சரக்கை மாற்றிக் காட்டலாம். ஒரே சரக்கின் விலையை ஆளுக்கு ஆள் மாற்றுவதுதான் ஆபத்து.

அப்படியானால் எப்போது விட்டுக்கொடுக்கலாம்? நாம் கொடுப்பதற்கு ஈடாக ஏதாவது நம் கைக்கு வரும்போது கொடுக்கலாம். கல்யாண வீட்டார் வைத்துக்கொடுக்கப் பத்துச் சேலை எடுக்கிறார்கள் என்றால் ஒன்றுக்கு 70 ரூபாய் குறைத்தாலும் போவது 700தான்; 2,000 லாபத்தில் 1,300 மிஞ்சும். பத்துப் பேரிடம் தனித்தனியாகப் பேசிப் பிரித்துக் காட்டும் உழைப்பும் நேரமும் மிச்சம். ஆனால் அதை நிபந்தனையோடு சொல்ல வேண்டும்: "பத்தா எடுத்தா எழுபது ரூபா குறைச்சுத் தர்றேன்." நிபந்தனை இல்லாமல் சொன்னால், இரண்டு சேலையோடு நிறுத்திக்கொண்டு அதே விலையைக் கேட்பார்கள்.

அடுத்து, தேங்கிய சரக்கு. போன பொங்கலுக்கு வாங்கிய நிறம் இன்னும் அலமாரியில் இருந்தால் அதில் 1,150 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. மடிப்பு ஓரம் வெளுக்கத் தொடங்கிவிட்டால் மதிப்பு இன்னும் இறங்கும். கடை வாடகை அந்தச் சேலை விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியது. எனவே அதை 1,250க்குத் தள்ளிவிட்டு, வந்த பணத்தில் ஓடுகிற சரக்கு எடுப்பது லாபமே. கட்டுப்படி விலைக்குக் கீழே போகலாம் என்றால் இந்தச் சந்தர்ப்பத்தில்தான். புதுச் சரக்குக்கும் இதே கணக்கைப் போட்டால் மாதக் கடைசியில் வாடகைக்குப் பணம் இருக்காது.

மூன்றாவது, நெடுநாள் வாடிக்கை. இங்கேதான் பலரும் தவறான பொருளைக் கொடுக்கிறார்கள். விலையை ஒருமுறை குறைத்தால் அடுத்த முறை அதுதான் ஆரம்ப விலை. காய்கறிக்காரர் இதை நன்றாக அறிந்தவர். தக்காளி விலையில் கைவைக்காமல் இரண்டு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுவார். அந்தக் கொசுறு அவருக்கு மலிவு, வாங்குபவருக்கு மகிழ்ச்சி, கிலோ விலையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. சேலைக் கடையில் ஃபால்ஸ் அடித்துத் தருவது அப்படிப்பட்டது. மொத்தமாக வேலை கொடுக்கும் தையல்காரரிடம் அதற்கு 50 ரூபாய் என்றால், வாடிக்கையாளர் தனியாகப் போனால் 100 ரூபாயும் இரண்டு நடையும் ஆகும். "விலை இதுதாங்க்கா. ஃபால்ஸ் அடிச்சு வியாழக்கிழமை தந்துடறேன், அதுக்குக் காசு வேண்டாம்" என்பது நூறு ரூபாய்த் தள்ளுபடிக்குச் சமமாகக் கேட்கும், செலவு அதில் பாதி.

காலையில் முதலில் வருபவர் "முதல் போணி, பார்த்துப் போடுங்க" என்பார். போணியைத் திருப்பி அனுப்ப வியாபாரிக்கு மனம் வராது என்பது அவருக்கும் தெரியும். நம்பிக்கை இருந்தால் இருக்கட்டும். ஆனால் போணிக்கு 20 ரூபாய் என்று கடை திறக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் மனத்தாங்கல் நேரத்தில் தொகை பெருகாது. பில் 4,830 வந்தால் 4,800 வாங்கிக்கொள்வதும் இதே வகை.

கொடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. "பில் வேண்டாம், வரியைக் கழிச்சுடுங்க" என்பவருக்கு இணங்கினால் அது தள்ளுபடி அல்ல, வரி ஏய்ப்பு. முறையான தள்ளுபடியை விற்கும்போதே பில்லில் எழுதிக் காட்டினால், குறைந்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி வரும். கடனுக்கு எடுப்பவருக்கும் குறைப்பு கிடையாது. பணம் வர இரண்டு மாதம் ஆகும் என்றால் ஏற்கெனவே ஒரு சலுகை கொடுத்தாயிற்று.

குறைக்கும்போது எந்தப் படியில் குறைக்கிறோம் என்பதையும் எதிரில் இருப்பவர் கவனிக்கிறார். ஐம்பது, மறுபடி ஐம்பது, மறுபடி ஐம்பது என்று இறங்கினால் இன்னும் ஐம்பது இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். நாற்பது, பிறகு பத்து என்று சுருங்கினால் அடி வந்துவிட்டது என்று புரிந்துகொள்வார். உதவியாளருக்கும் ஓர் எல்லை வேண்டும், 30 ரூபாய் வரை என்பதுபோல. உதவியாளர் முடியாது என்றதை முதலாளி வந்து நூறு குறைத்துக் கொடுத்தால், அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போதே "முதலாளி இல்லையா?" என்றுதான் கேட்பார்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன நோட்டு போதும். யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் குறைத்தோம் என்று அன்றாடம் ஒரு வரி. மாதம் நூறு சேலை விற்கும் கடையில் அறுபது பேருக்கு நூறு நூறாகக் குறைத்திருந்தால், 20,000 ரூபாய் லாபத்தில் 6,000 போயிருக்கும். அதே அறுபது பேருக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்திருந்தால் 3,000தான். 'எதற்காக' என்ற இடத்தில் "பத்துச் சேலை", "பழைய சரக்கு" என்று எழுத முடிந்தால் அந்தக் குறைப்பு வியாபாரம். "கேட்டார், கொடுத்தேன்" என்று மட்டுமே எழுத முடிந்தால், அடுத்த முறை அவருக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.