ஒரே பாத்ரூமை இடித்தால் எங்கே போவது? பழைய கோப்பையே கை கொடுக்கும்!

காடாம்புலியூர்:

பண்ருட்டி அருகே உள்ள காடாம்புலியூர் பக்கம் பல வீடுகளில் குளியலும் கழிப்பறையும் ஒரே அறைதான். அதை இடித்து டைல்ஸ் போட நினைப்பவர்களை முதலில் மிரட்டும் கேள்வி, 'அதுவரை எங்கே போவது?' என்பதுதான்.

"ஒரு வாரத்தில் முடிச்சிடலாம்" என்று கொத்தனார் சொல்வார். நம்பி இடித்தால் அவஸ்தைதான்.

கணக்கு இதோ!

4 பேர் உள்ள வீடு, 6 அடிக்கு 4 அடி பாத்ரூம் என்று வைத்துக்கொள்வோம். இடிக்க 1 நாள். பைப் போட்டு சோதிக்க 2 நாள். தரை கான்கிரீட், சுவர் பூச்சுக்கு 2 நாள். பூச்சுக்கு தண்ணீர் விட 7 நாள். கசிவு தடுப்பு பூச்சு அடித்து காய 2 நாள். தண்ணீர் தேக்கி பார்க்க 2 நாள். டைல்ஸ் ஒட்ட 3 நாள். காய்ந்து இணைப்பு அடைக்க 2 நாள். மொத்தம் 21 நாள். இதில் தண்ணீர் விடுவதையும், தேக்கி பார்ப்பதையும் சுருக்கினால் பின்னால் சுவரெல்லாம் ஓதம் அடிக்கும்.

தோட்டத்தில் தற்காலிக கழிப்பறை!

எனவே, சம்மட்டி எடுக்கும் முன்பே மாற்று ஏற்பாடு தயாராக வேண்டும். தோட்டத்தில் செப்டிக் டேங்க் சேம்பருக்கு பக்கத்தில், கிணற்றை விட்டு தள்ளி இடம் பார்க்க வேண்டும். கடையில் பழைய கோப்பை கிடைத்தாலும் போதும். வளைவுடன் சேர்த்து, செங்கல், மணல் மேல் உட்கார வைத்து, 4 அங்குல பி.வி.சி. பைப்பால் சேம்பரில் இணைக்கலாம். 10 அடி பைப்புக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுக்க வேண்டும்.

வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். நாற்றம் அடித்தால் அங்கே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். சுற்றிலும் கீற்று அல்லது தார்ப்பாய், மேலே ஒரு பல்பு. குளியலுக்கு தனி மறைப்பு கட்டி, தண்ணீரை வாழைக்கு விடலாம்.

தோட்டம் இல்லாத வீடா?

சுவர் வேலையை முதலில் முடிக்க வேண்டும். பகலில் கோப்பையை பலகை போட்டு மூடி வைத்து, மாலையில் கழுவி பயன்படுத்தலாம். தரையை கடைசியில் உடைத்தால், கழிப்பறை இல்லாத நாட்கள் ஏறக்குறைய பாதியாக குறையும். அந்த நாட்களுக்கு மட்டும் பக்கத்து வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ முன்பே சொல்லி வைக்கலாம்.

சாக்கை மறக்காதீங்க!

கோப்பையை எடுத்ததும் பைப் வாயை சாக்கு வைத்து அடைப்பார்கள். இல்லாவிட்டால் கல், சிமெண்ட் உள்ளே விழும், வாயுவும் வீட்டுக்குள் வரும். புது கோப்பை வைக்கும்போது அந்த சாக்கை எடுத்தாச்சா என்று வீட்டுக்காரர் கண்ணால் பார்ப்பது நல்லது. மறந்தால் முதல் நாளே தண்ணீர் மேலே ஏறும், புது டைல்சை மறுபடி உடைக்க வேண்டியதுதான்.

டைல்ஸ் ஒட்டும் முன் தரைக்குழாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் தேக்கி, சுவரில் கோடு போட வேண்டும். 48 மணி நேரத்தில் மட்டம் நன்றாக இறங்கினாலோ, வெளிச்சுவர் நனைந்தாலோ, பூச்சு மறுபடி அடிக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும் என்பதால், தை பிறந்த பிறகு வேலையை தொடங்குவதே நல்லது.